பதினேழு பியூரெட்டுகள்

வேதியியல் ஆய்வகத்தின் பொறுப்பை நான் முதன்முதலில் ஏற்றுக்கொண்ட நாளில், இருப்புப் பதிவேட்டில் பியூரெட் 48 என்று இருந்தது. அலமாரியில் எண்ணிப் பார்த்தால் 31. மறுபடி எண்ணினோம். பெஞ்சுக்கு அடியில், தொட்டிக்குப் பின்னால், பழைய கிப் உபகரணம் தூசி படிந்து நின்ற மூலையில் என்று எங்கும் தேடினோம். அப்போதும் 31தான்.

பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வேறு ஊருக்குப் போகவிருந்த மூத்த ஆசிரியர் சிரித்தபடி சொன்னார்: "கையெழுத்தைப் போடுங்க தம்பி. கண்ணாடிச் சாமான் உடையத்தான் செய்யும். இதை யார் எண்ணிப் பார்க்கப் போறா?"

நான் பேனாவைத் திறந்தபோது, பக்கத்தில் நின்ற ஆய்வக உதவியாளர் மெல்ல இருமினார். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "சார், 48-ன்னு கையெழுத்துப் போட்டா, அந்தப் பதினேழும் உங்ககிட்ட இருக்குன்னு அர்த்தம்" என்றார்.

பள்ளி ஆய்வகப் பதிவேடு என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது அந்த இருமலில்தான். அதுவரை அது தணிக்கைக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கான தடித்த நோட்டு, அவ்வளவுதான். ஆனால் பதிவேட்டின் இருப்புப் பத்தியில் உள்ள எண்ணுக்கு ஒரு ஆள் பொறுப்பு. பொருள் குறைந்தால் அந்த ஆள்தான் பதில் சொல்ல வேண்டும், சில வேளை சம்பளத்திலிருந்தும்.

ஆய்வகத்தில் உண்மையில் இருப்பது மூன்று நோட்டுகள். முதலாவது இருப்புப் பதிவேடு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம்: வாங்கிய தேதி, பில் எண், விலை, வந்தது, கழிந்தது, மீதி. இரண்டாவது வழங்கல் பதிவேடு. எந்த நாள், எந்த வகுப்பு, எந்த மேசைக்கு என்ன கொடுத்தோம், என்ன திரும்பி வந்தது என்பது அதில். மூன்றாவது உடைசல் பதிவேடு. முதல் நோட்டைத் திறப்பது ஆண்டுக்குச் சில தடவை. மற்ற இரண்டையும் ஒவ்வொரு செய்முறை வகுப்புக்கும் திறந்தாக வேண்டும்.

இருப்புப் பதிவேட்டிலும் மூன்று பிரிவு உண்டு. இரும்பு ஸ்டாண்டு, தராசு, நுண்ணோக்கி போன்றவை ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். அமிலம், உப்பு, வடிதாள் போன்றவை தீர்ந்துபோகும். கிராம் கணக்கில் எழுதிக் கழிக்கலாம். இரண்டிலும் சேராதது கண்ணாடி. தீரவும் தீராது, நிலைத்தும் நிற்காது. பியூரெட் பத்தாண்டு உழைத்தாலும் உழைக்கும், பத்து நிமிடத்தில் போனாலும் போகும். அதனால் பழக்கமுள்ள ஆய்வகங்களில் கண்ணாடிக்கென்று தனிப் பதிவேடு போட்டுவிடுவார்கள். குளறுபடி பெரும்பாலும் இதில்தான் நடக்கும்.

எங்கள் பதினேழுக்கு வருவோம். அண்ணன் சொன்னபடி 48 என்று கையெழுத்துப் போடாமல், ஒப்படைப்புப் பட்டியலில் "பதிவேட்டின்படி 48, நேரில் எண்ணியது 31, குறைவு 17" என்று எழுதி இருவரும் ஒப்பமிட்டோம். மூத்தவருக்கு முகம் கறுத்துவிட்டது. பிறகு உடைசல் பதிவேட்டை எடுத்து நான்கு ஆண்டுப் பக்கங்களைப் புரட்டினோம். அவர் ஒன்றும் எழுதாமல் இருந்துவிடவில்லை. அந்த நான்கு ஆண்டில் பதினொரு பியூரெட் உடைந்ததாகத் தேதியோடு எழுதியிருந்தார். ஆனால் அந்தப் பதினொன்றையும் கழித்துக்கொள்ளத் தலைமை ஆசிரியரின் ஒப்புதலை ஒரு தடவைகூட வாங்கவில்லை.

இந்த இடம் பலருக்கும் தெரிவதில்லை. உடைசல் பதிவேட்டில் எழுதினால் மட்டும் இருப்பு குறையாது. ஆண்டு முடிவில் ஆய்வகப் பொறுப்பில் இல்லாத வேறொரு ஆசிரியரைத் தலைமை ஆசிரியர் நியமிப்பார். அவர் பொறுப்பாளரை உடன் வைத்துக்கொண்டு பொருள்களை எண்ணிப் பார்த்து, உடைந்தவற்றின் பட்டியலைச் சரிபார்த்துக் கொடுப்பார். அதன்மேல் "கழித்துக்கொள்ள அனுமதிக்கப்படுகிறது" என்ற உத்தரவு வந்த பிறகே இருப்புப் பதிவேட்டில் எண்ணைக் குறைக்கலாம். மத்திய அரசு அலுவலகங்களுக்கான பொது நிதி விதிகளும் (2017) இதையேதான் கேட்கின்றன: நிலையான பொருளானாலும் நுகர்பொருளானாலும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது நேரில் எண்ண வேண்டும், எண்ணும்போது பொறுப்பாளர் கூட இருக்க வேண்டும்.

சரிபார்க்க வருகிறவர் எதைப் பார்த்துச் சரிபார்ப்பார்? அதற்குத்தான் உடைசல் பெட்டி. எங்கள் ஆய்வகத்தில் அது ஒரு பழைய பிஸ்கட் தகரம். பியூரெட் உடைந்தால் எல்லாத் துண்டையும் சேர்த்து வைக்கத் தேவையில்லை. வரிசை எண் எழுதிய மேல்துண்டு ஒன்று போதும். பிப்பெட் என்றால் குமிழ்ப் பகுதி, குடுவை என்றால் கழுத்து. சரிபார்ப்பு முடிந்து உத்தரவு வந்த பிறகு கையுறை போட்டுக்கொண்டு கொட்டலாம். துண்டு இல்லாமல் "உடைந்தது" என்று எழுதியதை நம்புவதும் நம்பாததும் வருகிறவரின் மனநிலையைப் பொறுத்தது.

பதினொன்று போக ஆறு பாக்கி. மூன்று நாள் கழித்து அண்ணன் வந்து, "இயற்பியல் லேபுல நாலு இருக்கு சார்" என்றார். இரண்டு திரவங்களின் பாகுநிலையை ஒப்பிடும் ஆய்வுக்கு நுண்குழாயை மாட்டி விடுவதற்காக ஏதோ ஒரு ஆண்டு இரவல் போனவை. வழங்கல் பதிவேட்டில் அந்த இரவலுக்கு ஒரு வரி இல்லை. இயற்பியல் ஆசிரியரோ அவை தம்முடையவை என்றே நினைத்திருந்தார். மேல்முனையில் எங்கள் எனாமல் பெயின்ட் எண் இல்லாமல் போயிருந்தால் திரும்பி வந்திருக்காது.

மிஞ்சியது இரண்டு. அவற்றுக்கு எழுத்தும் இல்லை, துண்டும் இல்லை. அந்த இரண்டுக்கு யார் பணம் கட்டுவது, எவ்வளவு கட்டுவது என்பதில் சிக்கல் வந்தது. மூத்தவர் பதிவேட்டைக் காட்டினார். வாங்கிய விலை 42 ரூபாய். இரண்டுக்கு 84. அவர் எடுத்து மேசையில் வைத்தேவிட்டார். அந்த வாரம் நான் கடையில் கேட்டு வந்த விலை 160. அதாவது அவருடைய 84 ரூபாயில் ஒரு பியூரெட்கூட வராது. தலைமை ஆசிரியர் இருவரையும் பார்த்துவிட்டு, "பணமே வேண்டாம். இரண்டு பியூரெட் வாங்கி வைத்துவிடுங்கள்" என்றார்.

மாற்றுச் செலவு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பிறகு எந்தச் சுற்றறிக்கையிலும் படித்ததில்லை. உடைந்த பொருளின் விலை பதிவேட்டில் உள்ள விலை அல்ல. அதே பொருளை அலமாரியில் திரும்ப வைக்க இன்றைக்கு எவ்வளவு ஆகுமோ, அதுதான்.

அதற்குப் பிறகு ஆண்டு முடிவில் உடைசல் தொகுப்பை நானே போட ஆரம்பித்தேன். ஓர் ஆண்டின் கணக்கைக் காட்டுகிறேன். விலைகள் கணக்கு புரிவதற்காக நான் முழு எண்ணாக வைத்துக்கொண்டவை; கடைக்குக் கடை மாறும். உடைந்தவை: சோதனைக் குழாய் 132, பியூரெட் 9, பிப்பெட் 11, கூம்புக் குடுவை 14, பீக்கர் 10. கடைசி மூன்றும் சேர்ந்து 3,530 ரூபாய். அவற்றில் சொல்வதற்கு அதிகமில்லை, கை தவறி விழுந்தவைதான். பியூரெட்டும் சோதனைக் குழாயும்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை.

பியூரெட் ஒன்று 300 ரூபாய் என்றால் ஒன்பதுக்கு 2,700 என்று எழுதி முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் எங்களிடம் இருந்தவை இரண்டு வகை. ஒன்றில் அடிப்பக்கம் ரப்பர் குழாய் மாட்டி, அதை ஒரு கம்பி இடுக்கி அழுத்திப் பிடித்திருக்கும். குழாயின் நுனியில் ஒரு சிறிய கண்ணாடி முனை. பிஞ்ச்காக் வகை என்பது இதைத்தான். மற்றதில் கண்ணாடித் திருகு பியூரெட்டோடு சேர்ந்தே வரும். ஒன்பதில் ஆறு, பிஞ்ச்காக் வகையில் முனை மட்டும் போனவை. முனை 15 ரூபாய். ஆறுக்கு 90. முழுதாகப் போன மூன்றுக்கு 900. ஆக 990 ரூபாய்தான். உடைசல் பதிவேட்டில் "பியூரெட் 1" என்று எழுதாமல் "பியூரெட் எண் 23, முனை மட்டும்" என்று எழுதியதால் மிஞ்சியது 1,710 ரூபாய்.

முழுதாகப் போன அந்த மூன்றும் திருகு வகை. மூன்றுக்கும் நேராகக் காரணப் பத்தியில் "கை தவறியது" என்று இருந்தது. எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் பாதி வரிகளில் இதே இரண்டு சொல்தான் இருக்கும். தேதியைப் பார்த்தேன். மூன்றும் சோடியம் ஹைட்ராக்சைடு தரம் பார்த்த வகுப்புக்கு மறுநாள் உடைந்தவை. காரத்தைத் திருகு பியூரெட்டில் ஊற்றி, கழுவாமல் இரவு முழுக்க விட்டால், திருகு அதன் உறையோடு ஒட்டிக்கொள்ளும். மறுநாள் பையன் முறுக்குவான். திருகு வராது, கண்ணாடி வரும். கை தவறியது அவனுடையதல்ல, முந்தின நாள் கழுவாமல் வைத்த எங்களுடையது.

அப்படியானால் எல்லாவற்றையும் பிஞ்ச்காக் வகையாக வாங்கிவிடலாமே என்று தோன்றும். முடியாது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் ரப்பரைத் தின்னும். பன்னிரண்டாம் வகுப்பில் ஆக்சாலிக் அமிலம், இரும்பு உப்பு என்று பெர்மாங்கனேட் டைட்ரேஷன்தான் முக்கியமே. ஆகவே காரத்துக்கு ரப்பர், பெர்மாங்கனேட்டுக்குத் திருகு என்று வழங்கல் பதிவேட்டிலேயே பிரித்து எழுத ஆரம்பித்தோம். எனாமல் பெயின்டில் திருகு வகைக்குச் சிவப்பு எண், மற்றதற்கு வெள்ளை.

சோதனைக் குழாய்க் கதை வேறு. 132 குழாய், ஒன்று 10 ரூபாய், மொத்தம் 1,320. மலிவான பொருள் என்பதால் இதை யாரும் விசாரிப்பதில்லை. "எப்படி உடைந்தது" என்ற பத்தியை மாணவர்களையே அன்றைக்கே எழுதச் சொல்லியிருந்ததால் பிரித்துப் பார்க்க முடிந்தது. 38 தொட்டியில் கழுவும்போது குழாய்க் கைப்பிடியில் இடித்தவை. 23 பலவகை. மீதி 71 சூடு படுத்தும்போது விரிசல் விட்டவை. அந்த 71-ல் பெரும்பகுதி இரண்டே மாதத்தில், புதிய கட்டு பிரித்த பிறகு.

அந்தக் கட்டில் ஒரு குழாயை எடுத்து, விளிம்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தோம். லேசான பச்சை. சாதாரண சோடாக் கண்ணாடி. போரோசிலிகேட் என்றால் விளிம்பில் அந்தப் பச்சை அநேகமாகத் தெரியாது. வாங்குவதற்கான பட்டியலில் நான் "சோதனைக் குழாய் 200" என்று மட்டும் எழுதியிருந்தேன். எந்தக் கண்ணாடி என்று எழுதவில்லை. கடைக்காரர் எழுதியதைக் கொடுத்திருக்கிறார்.

சூடு பட்டால் சோடாக் கண்ணாடி போரோசிலிகேட்டைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும். சூடான பகுதி விரிய, சூடு படாத பகுதி இழுத்துப் பிடிக்க, நடுவில் விரிசல். உப்பைக் கண்டுபிடிக்கும் வகுப்பில் மாணவர்கள் அடர் கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்குவார்கள், சோடியம் கார்பனேட் கரைசலோடு கொதிக்க வைப்பார்கள், அடுத்த சோதனைக்கு நேரமில்லை என்று சூட்டோடு குழாயைத் தண்ணீரில் காட்டுவார்கள். இதற்குச் சோடாக் குழாய் தாங்காது. ஆனால் சூடு தேவையில்லாத சோதனைகளுக்கு அது தாராளமாகப் போதும். அதனால் அடுத்த ஆண்டுப் பட்டியலில் எல்லாவற்றையும் விலை கூடியதாகக் கேட்கவில்லை. மேசைக்கு நான்கு போரோசிலிகேட், எட்டுச் சாதாரணம் என்று கேட்டேன். போரோசிலிகேட்டை மரத் தாங்கியின் இடப்பக்கத்தில் மட்டும் வைக்கச் சொன்னோம். கொஞ்ச நாளில் கலந்துபோகும். அண்ணன் வாரம் ஒரு தடவை விளிம்பைப் பார்த்துப் பிரித்து வைப்பார்.

மொத்தம் 1,320 + 990 + 3,530 = 5,840 ரூபாய். தலைமை ஆசிரியருக்குக் கொடுத்த தொகுப்பு அரைப் பக்கம்தான். ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை உடைந்தது, அதில் எத்தனை பழுது பார்க்கலாம், இன்றைய விலை என்ன, காரணம் என்ன. அந்தக் கடைசிப் பத்தி இல்லாமல் வெறும் 5,840 என்று கொடுத்திருந்தால், அடுத்த ஆண்டும் அதே பச்சைக் குழாயைத்தான் வாங்கியிருப்போம்.

உடைந்ததற்கு மாணவரிடம் பணம் வாங்கலாமா? பல பள்ளிகளில் வாங்குகிறார்கள். நானும் முதல் சில ஆண்டு வாங்கினேன். ஒரு நாள் பிப்பெட்டில் வாய் வைத்து உறிஞ்சிய ஒரு பையனுக்கு உதட்டில் ரத்தம். ரப்பர் பல்பு எங்களிடம் இல்லாத காலம் அது. பார்த்தால் பிப்பெட்டின் மேல்நுனியில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. வழங்கல் பதிவேட்டில் முந்தின நாள் அந்த எண்ணை வாங்கியது யார் என்று பார்த்துக் கூப்பிட்டோம். அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள்: "காசு கேப்பீங்கன்னு பயந்து அப்படியே வெச்சுட்டேன் சார்." அன்றிலிருந்து, உடைத்தவர் அன்றே வந்து எழுதினால் பணம் இல்லை என்று வைத்தோம். அந்த ஆண்டு உடைசல் எண்ணிக்கை கூடிவிட்டது. உடைசல் கூடவில்லை, எழுதுவது கூடியது. தலைமை ஆசிரியருக்கு இதைப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

மறைத்து வைத்த உடைசல் உதட்டை மட்டும் வெட்டுவதில்லை. பியூரெட்டின் முனை சற்றே பெயர்ந்திருந்தால் பார்வைக்குத் தெரியாது. தண்ணீர் விட்டுப் பார்த்தால் தெரியும். நல்ல முனையில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய இருபது சொட்டு விழும். பெயர்ந்த முனையில் சொட்டு பெரிதாகி, சாய்ந்து, கண்ணாடியின் வெளிப்பக்கம் வழிந்து விழும். பியூரெட்டின் ஒரு கோடு 0.1 மில்லிலிட்டர். அப்படிப்பட்ட பியூரெட்டில் எத்தனை கவனமாகச் செய்தாலும் நிறம் மாறும் இடத்தை ஒரு சொட்டு தாண்டிவிடும், இரண்டு தடவை ஒரே அளவு வராது. பொதுத் தேர்வின் செய்முறையில் அந்தப் பியூரெட் கிடைத்த பிள்ளைக்கு மதிப்பெண் போகும். "சரியாப் பண்ணல" என்று நாம் எழுதுவோம். எனவே திரும்ப வாங்கும்போது எண்ணிக்கையை மட்டும் பார்த்து டிக் போடாமல், மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே வகுப்பை நிறுத்தி, ஒவ்வொரு பியூரெட்டிலும் தண்ணீர் விட்டு நான்கு சொட்டு விழுவதைப் பார்த்து வாங்குவோம். சொட்டு சாய்ந்தால் அது உடைசல்தான், பியூரெட் முழுதாகவே இருந்தாலும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பணக் கணக்கில் வராதது. பாதரச வெப்பமானி உடைந்தால் விலை பெரிதில்லை, ஆனால் அந்த வரியை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. எந்த மேசை என்று தெரிந்தால்தான் அங்கே சிதறிய பாதரசத்தைத் தேட முடியும். துடைப்பத்தால் பெருக்கினால் அது இன்னும் சின்னச் சின்ன உருண்டையாகப் பரவும். இப்போது நிறச் சாராயம் நிரப்பிய வெப்பமானியே போதும் என்று மாற்றிக்கொண்டோம்.

ஓய்வு பெறும்போது நான் பொறுப்பை ஒப்படைத்தது ஓர் இளம் ஆசிரியையிடம். பதிவேட்டில் பியூரெட் 40 என்று இருந்தது. அவர் எண்ணினார். மறுபடி எண்ணினார். நிமிர்ந்து பார்த்து, "சார், 41 இருக்கு" என்றார். எண்ணும் இல்லாமல், பெயின்டும் இல்லாமல் ஒன்று. யாரோ ஒரு மாணவன் உடைத்துவிட்டு, பயந்து, வெளியில் வாங்கி வந்து சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். நான் பட்டியலில் "நேரில் 41, கூடுதல் 1" என்று எழுதினேன். அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கும் ஒரு கையெழுத்துப் போடுங்க சார்" என்றார்.